உன் காசுதான், ஆனா கவுண்டர்ல பொய் சொல்லாதே

"என் பணத்தை நான் எடுக்கறதுக்கு இவன் யாரு கேள்வி கேக்க?" பொங்கலுக்கு ஊருக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைங்க திண்ணையில உக்காந்து இப்படித்தான் பேசினாங்க. சென்னையில பேங்குக்குப் போய் 6 லட்சம் கேட்டிருக்கான் ஒருத்தன். எதுக்கு, யாருக்கு, யாராவது எடுக்கச் சொன்னாங்களான்னு கவுண்டர்ல இருந்த பொண்ணு கேட்டிருக்கு. இவனுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்திருச்சு. மேனேஜரைப் பார்த்துச் சத்தம் போட்டுட்டு வந்ததைப் பெருமையாச் சொல்றான்.

தம்பி, நீ பெருமைப்படறது தப்பான இடத்துல. அந்தப் பொண்ணு கேட்டது உன்னைச் சந்தேகப்பட்டு இல்ல. உன் காதுக்குப் பின்னால யாராவது நின்னு பேசிட்டு இருக்கானான்னு பார்த்திருக்கு.

கவுண்டர்ல கேக்கற கேள்வி ரெண்டு வகை. முதல் வகை கணக்குக்காக. பான் அட்டை இருக்கா, முன்னாடியே சொல்லி வெச்சீங்களா, இந்தக் கிளையில அவ்வளவு ரொக்கம் இருக்கா, இந்த மாதிரி. எங்க ஊர் மாதிரி சின்னக் கிளையில ரொக்கம் அளவாத்தான் வெச்சிருப்பாங்க. 10 லட்சத்துக்கு மேல போற ரொக்கத்தை மேல அரசாங்கத்துக்குத் தெரியப்படுத்தணும். இதெல்லாம் அவங்க வேலை, நமக்குக் கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான்.

ரெண்டாவது வகைக் கேள்வி நமக்காக. "யாருக்குங்க குடுக்கப் போறீங்க? இந்த டெபாசிட்டை ஏன் இப்பப் பாதியில உடைக்கறீங்க? யாராவது போன் பண்ணாங்களா?" கோபம் வர்றது இந்தக் கேள்விக்குத்தான். இதுக்குப் பின்னால இருக்கற காரணம் தெரிஞ்சா கோபம் வராது.

பணம் ஒரு கணக்குல இருந்து இன்னொரு கணக்குக்குப் போனா தடம் இருக்கும். ஏமாந்தது தெரிஞ்ச உடனே 1930-க்குப் போன் பண்ணா, அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போச்சோ அங்கெல்லாம் நிறுத்தி வைக்க வழி இருக்கு. முழுசாக் கிடைக்கும்னு சொல்ல முடியாது, ஆனா முயற்சி பண்ண ஒரு பிடி இருக்கு. ரொக்கத்துக்கு அந்தப் பிடி கிடையாது. பை கை மாறின நிமிஷம் முடிஞ்சது. திருடனுக்கும் இது தெரியும். அதனாலதான் சில பேர்கிட்ட "ஆளு வருவாரு, ரொக்கமாக் குடுத்துடுங்க"ன்னு சொல்றான். அந்த ரொக்கம் வெளிய போறதுக்கு முன்னாடி இருக்கற கடைசிக் கதவு கவுண்டர். அதைத் தாண்டிட்டா உன்னை நிறுத்த ஆள் இல்ல.

நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். பயிர்க்கடன் புதுப்பிக்க வரிசையில நின்னுட்டு இருந்தேன். எனக்கு முன்னாடி பக்கத்து ஊர் அக்கா ஒருத்தங்க. வீட்டுக்காரர் இறந்தப்புறம் 60 சென்ட் நிலத்தை வித்து, அந்தக் காசை டெபாசிட்ல போட்டு, வர்ற வட்டியில காலம் தள்றவங்க. அந்த டெபாசிட்டை உடைச்சு 9 லட்சம் ரொக்கமா வேணும்னு கேட்டாங்க. கவுண்டர்ல இருந்த தம்பி எதுக்குங்கன்னு கேட்டாரு. "மகளுக்குக் கல்யாணம், நகை எடுக்கணும்" - ஒப்பிச்ச மாதிரி வந்துச்சு பதில்.

அந்தத் தம்பி நிதானமா அடுத்த கேள்வி கேட்டாரு. "சந்தோஷம்ங்கம்மா, கல்யாணம் என்னைக்கு? எந்தக் கடையில நகை? கடை பேருக்கே செக் போட்டுத் தர்றேன், இவ்வளவு ரொக்கத்தைத் தூக்கிட்டு பஸ்ல எப்படிப் போவீங்க?" அக்காவுக்குப் பதில் வரல. கையில இருந்த சுருக்குப்பையைக் குனிஞ்சு பார்த்தாங்க. பைக்குள்ள போன் வெளிச்சம் தெரிஞ்சுது.

இந்த இடத்தை நல்லாக் கவனிக்கணும். போன்ல இருக்கறவன் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக் குடுத்திருந்தான். ரெண்டாவது கேள்விக்குச் சொல்லிக் குடுக்கல. நெசமாவே கல்யாணம் வெச்சிருக்கற வீட்டு அம்மாகிட்ட தேதியைக் கேட்டா, மண்டபம், சமையல்காரர், சம்பந்தி வீட்டுச் சண்டை வரைக்கும் சொல்லும். பொய்யில அந்த ஆழம் இருக்காது. இன்னொண்ணு, ஒரே ஆள்கிட்ட இருந்து ஒரே நாள்ல 2 லட்சம் அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டம் இருக்கு. எந்த நகைக்கடையும் 9 லட்சத்தை நோட்டா வாங்க முடியாது. இது போன்ல இருந்தவனுக்கு முக்கியம் இல்ல, கவுண்டர்ல இருக்கறவருக்குத் தெரியும்.

தம்பி ஒண்ணும் பேசல. ஒரு செல்லான் தாளைத் திருப்பி, "போன்ல யாராவது இருக்காங்களா? ஆமான்னா தலையை ஆட்டுங்க"ன்னு எழுதி முன்னால தள்ளினாரு. அக்கா கண்ணு கலங்கிடுச்சு. தலையை ஆட்டினாங்க. மேனேஜர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், போனை வாங்கி அணைச்சாங்க. 9 லட்சம் தப்பிச்சுது.

அப்புறம் கதை வெளிய வந்துச்சு. உங்க பேர்ல மும்பையில ஒரு பார்சல் பிடிபட்டிருக்கு, உள்ள போதைப் பொருள்னு முதல்ல ஒருத்தன். அப்புறம் சி.பி.ஐ. அதிகாரின்னு வீடியோவுல ஒருத்தன், காக்கிச்சட்டை, பின்னால கொடி எல்லாம். உங்களை "டிஜிட்டல் அரஸ்ட்" பண்ணியிருக்கோம், போனை வெச்சா வீட்டுக்குப் போலீஸ் வரும். பணத்தைச் சரிபார்க்கணும், ரொக்கமா எடுத்து வெய்யுங்க, எங்க ஆளு வந்து வாங்கிட்டு ரசீது குடுப்பாரு, சுத்தமான பணம்னா ரெண்டு நாள்ல திரும்பி வரும். கடைசியா, பேங்க்காரங்களும் இந்தக் கேஸ்ல கூட்டு, அதனால அவங்ககிட்ட உண்மையைச் சொல்லாதீங்க, கல்யாணம்னு சொல்லுங்க.

இந்தக் கடைசி வரியிலதான் மொத்தச் சூழ்ச்சியும் இருக்கு. அந்த அக்காவுக்கு உதவ முடிஞ்ச ஒரே ஆளை முன்கூட்டியே எதிரியாக்கிட்டான். கேள்வி கேட்டதும், "பார்த்தியா, அவர் சொன்ன மாதிரியே இவங்க தடுக்கறாங்க"ன்னு அக்கா மனசு நினைக்கணும். உன்னை மாதிரி ஆளு "என் காசு, நீ யாரு கேக்க"ன்னு பேங்க்ல சத்தம் போடறது, தம்பி, அந்தத் திருடன் சொல்லிக் குடுக்கற வசனமே அதுதான். காசு செலவில்லாம நீ அவனுக்கு ஒத்திகை பார்த்துக் குடுக்கறே.

டிஜிட்டல் அரஸ்ட்னு நம்ம சட்டத்துல ஒண்ணு இல்லவே இல்ல. 2024 அக்டோபர்ல பிரதமரே வானொலிப் பேச்சுல இதைச் சொன்னாரு. போலீஸ் முன்னால ஆஜராகச் சொல்ற நோட்டீசைக்கூட வாட்ஸ்அப்ல அனுப்பக் கூடாதுன்னு 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா பயந்துபோன மனுசிக்கு அந்த நேரத்துல சட்டம் ஞாபகம் வராது. அதனால சட்டத்தை விடச் சுலபமான ஒரு சோதனையை வெச்சுக்கங்க. போன்ல இருக்கறவன் சொன்னதை அப்படியே கவுண்டர்ல சொல்லிப் பாருங்க: "போலீஸ்னு ஒருத்தர் போன்ல இருக்காரு. பணத்தை எடுக்கச் சொல்றாரு. உங்ககிட்ட கல்யாணம்னு சொல்லச் சொன்னாரு."

நெசமான காரணம் இந்தச் சோதனையில உடையாது. டிராக்டர் வாங்கறேன்னு சொன்னா கடைக்காரர் கொட்டேஷன் இருக்கும். ஆஸ்பத்திரின்னா பில் இருக்கும். கூலி குடுக்கணும், மாடு வாங்கணும்னா சந்தை நாளைச் சொல்லுவோம். யாருக்கும் நட்டம் இல்ல. பேங்க்ல பொய் சொல்லுன்னு எந்த அதிகாரியும் சொல்ல மாட்டாரு. பொய் சொல்லச் சொன்ன நிமிஷமே அவன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு.

வாய் திறந்து சொல்லப் பயமா இருந்தா எழுதிக் காட்டுங்க. அந்த அக்கா பேசவே இல்ல, தலையை மட்டும்தான் ஆட்டினாங்க. அந்த ஒரு உண்மை போதுமா இருந்துச்சு.

இதுல நியாயம் பேசறதுக்காக மட்டும் உண்மையைச் சொல்லச் சொல்லல. காசுக் கணக்கும் இருக்கு. உன் அனுமதி இல்லாம கணக்குல இருந்து ஆன்லைன்ல பணம் போனா, சீக்கிரம் புகார் குடுத்தவங்களுக்குப் பாதுகாப்பு குடுக்கற ரிசர்வ் வங்கி விதி 2017-லயே வந்திருக்கு. நீயே கையெழுத்துப் போட்டு, பொய்க் காரணம் சொல்லி, எண்ணி வாங்கிட்டுப் போன ரொக்கத்துக்கு அந்த விதி வராது. பேங்க் கேட்டுச்சு, நீ மறைச்சே. அப்புறம் யாரைக் கேக்க முடியும்?

பேங்க் பக்கமும் குறை இருக்கு, அதையும் சொல்லணும். வரிசையில இருபது பேர் நிக்கறப்ப "எதுக்கு இவ்வளவு காசு?"ன்னு கத்திக் கேக்கறாங்க சிலர். ஊருக்கே தெரிஞ்சுபோகும், வெளிய எவனாவது பின்னால வருவான். காந்தி வேட்டி கட்டினவனை மட்டும் நிறுத்தி வெச்சுக் கேக்கறதும் நடக்குது. கேக்கறதா இருந்தா உள்ள கூப்பிட்டு, நாற்காலி போட்டு, மெதுவாக் கேக்கணும். காரணம் சொல்லிட்டுக் கேக்கணும்: "இப்படி ஏமாத்து நடக்குது, அதனால எல்லார்கிட்டயும் கேக்கறோம்." அப்படிக் கேட்டா எங்க ஊர்ல யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அப்படியும் நீங்க நெசமாத்தான் வேணும்னு உறுதியா நின்னா, உங்க காசை உங்களுக்குத் தராம இருக்க முடியாது. அவங்களால கேக்க முடியும், கொஞ்சம் தாமதிக்க முடியும், எச்சரிக்க முடியும். நீங்க பொய்யை நல்லாச் சொல்லிட்டா அவங்க தோத்துடுவாங்க. அதனால பாதி வேலை நம்ம கையிலதான்.

பணம் ஏற்கெனவே கை மாறிடுச்சுன்னா வெக்கப்பட்டு வீட்டுக்குள்ள உக்காராதீங்க. உடனே 1930, இல்ல cybercrime.gov.in, அப்புறம் பக்கத்து ஸ்டேஷன். அங்கயும் முழு உண்மையைச் சொல்லணும், பேங்க்ல பொய் சொன்னதையும் சேர்த்து. ரொக்கம் வாங்கிட்டுப் போனவனுக்கு முகம் இருக்கு, வந்த வண்டி இருக்கு, தெருவுல கேமரா இருக்கும். எத்தனை மணிக்கு, எந்த இடத்துலன்னு சரியாச் சொன்னாத்தான் தேட முடியும்.

ஊர்ல அப்பா அம்மாவைத் தனியா விட்டுட்டு நகரத்துல இருக்கற பிள்ளைங்களுக்கு ஒரு வேலை. இன்னைக்கு ராத்திரி போன் பண்ணி இதை மட்டும் சொல்லுங்க: "பேங்க்ல கேட்டா உள்ளதைச் சொல்லுங்கம்மா. எவனாவது சொல்லாதேன்னா, முதல்ல அவனைப் பத்தித்தான் சொல்லணும்."