தெளிவான கையொப்பம் செல்லாது

ஓர் ஆய்வு உதவித்தொகை விண்ணப்பம் மூடப்பட ஒரு மணி நேரமே இருந்தபோது, என் கையொப்பம் மூன்று முறை நிராகரிக்கப்பட்டது. திரையில் வந்தது ஒரே வரி: "Invalid file size". பெரிதா, சிறிதா என்று அது சொல்லவில்லை. மொழியியல் படித்தவன் என்பதால் அந்த 'size' என்ற சொல்லிலேயே சற்று நின்றுவிட்டேன். நீள அகலமும் அதுதான், கோப்பின் எடையும் அதுதான்.

விதி இது: 140×60 பிக்சல், 10 முதல் 20 கிலோபைட். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் கையெழுத்திட்டு, நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து, சொன்ன பிக்சலுக்குக் குறைத்தேன். கோப்பு 3 கிலோபைட் வந்தது. வியப்பில்லை. ஜேபெக் முறையில் மாற்றமற்ற வெண்பரப்புக்கு ஏறத்தாழ இடமே தேவையில்லை; கோடுகளும் புள்ளிகளும்தாம் இடம் கேட்கும். 140×60 என்றால் 8,400 பிக்சல். ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் சுருக்காமலே வைத்தாலும் 25,200 பைட்தான். அதில் 10 கிலோபைட்டாவது மிஞ்ச வேண்டும் என்பது, 'சுருக்கித் தா, ஆனால் சுருக்காதே' என்பதற்கு ஒப்பு.

தரத்தை 100 ஆக உயர்த்தினேன்; 6 கிலோபைட். இறுதியில் மங்கிய விடுதி விளக்கில் கைப்பேசியால் எடுத்த, தாளின் சொரசொரப்பும் நிழலும் படிந்த படம் 11 கிலோபைட் வந்தது. அது ஏற்கப்பட்டது! தூய்மையானது செல்லாது, அழுக்கானது செல்லும். கீழ்வரம்பு தெளிவை உறுதிசெய்யும் என்று எண்ணியவர்கள், கிலோபைட் அளப்பது தெளிவையன்று, படத்தின் சிக்கலை என்பதை அறியவில்லை.

மேல்வரம்புக்கேனும் சேமிப்பிடம் என்றொரு காரணம் கூறலாம். பத்து இலட்சம் விண்ணப்பதாரர்கள், ஆளுக்கு 200 கிலோபைட் என்றாலும் மொத்தம் 200 ஜிகாபைட். சட்டைப் பையில் அடங்கும் வன்தட்டுக்கு அது பாதிச் சுமைகூட இல்லை.

இதை வெறும் எரிச்சலாக என்னால் கடக்க முடியாததற்குக் காரணம் வேறு. மேசைக்கணினியோ மென்பொருளோ இல்லாத மாணவர், 'signature resize 20kb' என்று தேடி, முதலில் வரும் இலவசத் தளத்தில் தம் முகத்தையும் கையொப்பத்தையும் ஏற்றிவிடுகிறார். அத்தளத்தை நடத்துபவர் யார், படங்கள் எப்போது அழிக்கப்படும், எவருக்கும் தெரியாது. பிரௌசிங் சென்டர் கணினியில் என்றால், முன்னே வந்த நாற்பது பேரின் கையொப்பங்கள் டவுன்லோட்ஸ் அடைவில் வரிசையாகக் கிடக்கும். ஒருவரின் ஒப்புதலுக்கு அடையாளமான கையொப்பத்தை இப்படித் தெருவில் வைப்பது, நாம் விரும்பிச் செய்வதன்று. அந்தப் படிவம் நம்மைச் செய்யவைப்பது.

இரண்டு மெகாபைட் வரை எதையும் பெற்றுக்கொண்டு, தமக்கு வேண்டிய அளவுக்குத் தம் சர்வரிலேயே குறைத்துக்கொள்ளட்டும். நிரலில் அது சில வரி வேலை. கீழ்வரம்பை நீக்கட்டும். அதுவரை, "உங்கள் கோப்பு 3 கிலோபைட், தேவை 10" என்றாவது திரையில் காட்டட்டும்.