பயத்துக்காகப் பணம் கொடுக்கலாமா?

சென்ற மாதம் எங்கள் கடையில் அரைக்கிலோ ரவைப் பாக்கெட் 10 வாங்கிச் சென்ற வாடிக்கையாளர், மறுநாள் காலை கோபமாகத் திரும்பி வந்தார். வீட்டில் நிச்சயதார்த்தம். பிரித்த இரண்டு பாக்கெட்டிலும் வண்டு. "வந்தவங்க முன்னால மானம் போச்சு அண்ணாச்சி. 10,000 ரூபாய் எடுத்து வையுங்க, இல்லேன்னா நுகர்வோர் கோர்ட்டுல பார்த்துக்கறேன்" என்றார்.

கம்பெனியின் விதி, மாற்றுப் பாக்கெட் அல்லது விலை. அதற்கு மேல் கொடுத்தால் நம் கைக்காசுதான், ஏஜென்சி ஏற்காது. பல வியாபாரிகள் சத்தத்துக்குப் பயந்து ஏதோ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இன்னும் சிலர் "விற்ற சரக்கு திரும்பப் பெற இயலாது" என்ற போர்டைக் காட்டுகிறார்கள். இரண்டும் தவறு என்பது என் கருத்து. அந்தப் போர்டு குறையுள்ள சரக்குக்குச் செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால், 30 நாட்களுக்குள் குறையுள்ள சரக்கைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது.

நான் முதலில் பார்த்தது நம் தவறா என்பதை. பக்கத்து மூட்டைகளிலும் மற்ற ரவைப் பாக்கெட்டுகளிலும் வண்டு இருந்தால் பழி நம் அலமாரிக்குத்தான். சரக்கைக் கவனத்தோடு பாதுகாக்கத் தவறினால் விற்றவரும் பொறுப்பாளி என்று அதே சட்டம் சொல்கிறது. மூட்டைகள் சுத்தமாக இருந்தன; அதே பேட்ச் நம்பர் உள்ள பாக்கெட்டுகளில் மட்டும் வண்டு தெரிந்தது. உடனே அவற்றை விற்பனையிலிருந்து எடுத்தேன்.

பிறகு அவரை உட்கார வைத்துச் சொன்னேன்: "பிரிக்காத எட்டையும் சேர்த்துப் பத்துக்கும் பணம் தர்றேன், வேண்டாம்னா வேற பேட்ச் சரக்கு தர்றேன். அவசரத்துக்கு வேற கடையில வாங்கின பில் இருந்தா, கூடுதலாக் கொடுத்த விலையை நான் ஏத்துக்கறேன். 10,000 ரூபாய் மட்டும் என்னால முடியாதுங்க." அந்தக் கூடுதல் விலை கம்பெனி விதியில் இல்லை, கண்ணுக்குத் தெரிந்த செலவு என்பதால் நானே ஏற்றேன். மானத்துக்கு விலை போட எனக்குத் தெரியாது.

"அப்ப கேஸ் போடறேன்" என்றார். அது அவர் உரிமை என்றேன். கம்பெனி விதி கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது என்பதை நாமும் மறக்கக்கூடாது. பாக்கெட்டில் உள்ள கம்பெனி விலாசம், பேட்ச் நம்பர், வாங்கிய தேதி எல்லாம் எழுதி, புகாரின் நகல் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். பிரித்த பாக்கெட்டில் ஒன்று அவரிடமே இருக்கட்டும் என்றேன். மற்றதை ஏஜென்சிக்காக ஒட்டி வைத்தேன்.

ஒரு விஷயத்தில் சக வியாபாரிகளோடு எனக்குச் சண்டை உண்டு. "இனி புகார் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டு பணம் தரச் சொல்கிறார்கள். கொடுக்கவேண்டிய பணத்துக்கு எதற்கு நிபந்தனை? திருப்பிக் கொடுத்த தொகைக்கு மட்டும் ரசீதில் கையெழுத்து வாங்கினேன்.

அவர் பணத்தை வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடியே போனார். அந்த வாரம் கடைக்கு வரவில்லை. அடுத்த வாரம் அவர் மனைவி வந்து உளுந்து வாங்கினார், ரவை கேட்கவில்லை.