கடையில் உள்ள சரக்கு எத்தனை நாளுக்கு வரும்?

ஒரத்தநாடு பகுதியில் உள்ள ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பங்குதாரர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் நிறுவனம் உரம், விதை, பூச்சிமருந்து விற்கும் கடை நடத்துகிறது. ஆண்டறிக்கையில் 'கையிருப்பு சுழற்சி விகிதம் 9' என்று போட்டு, நல்ல நிலை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் தாளடி அடியுரத்துக்குப் போனால் டிஏபி இல்லை. அந்த 9 என்பது என்ன? அதை நம்பலாமா?"

சுழற்சி விகிதம் என்பது, கடையில் முடங்கும் பணம் ஓர் ஆண்டில் எத்தனை முறை சரக்காக மாறி, விற்று, மீண்டும் பணமாகத் திரும்பியது என்று காட்டும் எண். ஆண்டில் விற்ற சரக்கின் கொள்முதல் அடக்கத்தைச் சராசரி இருப்பின் மதிப்பால் வகுத்தால் இது கிடைக்கும். விற்ற விலையைப் போட்டுக் கணக்கிடக் கூடாது. இருப்பை அடக்க விலையில் மதிப்பிட்டுவிட்டு விற்பனையை லாபத்தோடு சேர்த்துப் போட்டால், எண் பெரிதாகத் தெரியும்.

365 நாளை இந்த விகிதத்தால் வகுத்தால், கையிருப்பு நாட்கள் கிடைக்கும். இருக்கும் சரக்கு சராசரியாக எத்தனை நாள் விற்பனைக்கு வரும் என்பதே அதன் பொருள். வீட்டுக் குதிரில் உள்ள நெல் எத்தனை நாள் சாப்பாட்டுக்கு வரும் என்று பார்ப்பதும் இதே கணக்குதான்.

மார்ச் 31 காட்டும் பொய்த் தோற்றம்

ஒரு கடையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் விற்ற சரக்கின் அடக்கம் 72 லட்சம் ரூபாய். ஏப்ரல் 1 அன்று இருப்பு 6 லட்சம், அடுத்த மார்ச் 31 அன்று 10 லட்சம். இரண்டின் சராசரி 8 லட்சம். 72-ஐ 8-ஆல் வகுத்தால் 9. கையிருப்பு நாட்கள் ஏறத்தாழ 41. ஆண்டறிக்கையில் வருவது இந்த எண்தான்.

ஆனால் டெல்டாவில் மார்ச் 31 என்பது எப்படிப்பட்ட நாள்? சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, வயலில் உளுந்து, பயறு நிற்கும் காலம். உரக் கடை ஏறக்குறைய காலியாக இருக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். அதையொட்டிக் குறுவைக்குச் சரக்கு இறங்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் சம்பா, தாளடிக்கு இருப்பு உச்சத்தைத் தொடும். ஆண்டிலேயே இருப்பு குறைவாக உள்ள இரு நாட்களை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால், கணக்கு கடையின் உண்மை நிலையைக் காட்டாது.

அதே கடையின் இருப்பை 12 மாதக் கடைசி நாட்களிலும் எடுத்துச் சராசரி பார்த்தால் 18 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது விகிதம் 4, நாட்கள் 91. விற்பனை மாறவில்லை, சரக்கு மாறவில்லை. அளந்த நாள் மட்டும்தான் மாறியது.

இருப்பைப் பருவத்தோடு சேர்த்துப் பார்ப்பது புதிய யோசனை அல்ல. மத்திய அரசு தன் தொகுப்பில் வைத்திருக்க வேண்டிய அரிசிக்கே ஆண்டு முழுவதற்கும் ஒரே அளவை வைக்கவில்லை. 2015 முதல் உள்ள விதிப்படி, ஏப்ரல் 1-ல் 135.80 லட்சம் டன், அக்டோபர் 1-ல் 102.50 லட்சம் டன், ஜனவரி 1-ல் 76.10 லட்சம் டன் இருக்க வேண்டும். வரத்தும் செலவும் மாதத்துக்கு மாதம் மாறும்போது தேவையான இருப்பும் மாறத்தான் செய்யும்.

விகிதம் மிகக் குறைந்தால்

அடுத்து, மொத்த எண்ணைப் பொருள்வாரியாகப் பிரிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டுக் கடையில் உரம் 48 லட்சத்துக்கு விற்றது; சராசரி இருப்பு 6 லட்சம்; விகிதம் 8. விதை 12 லட்சத்துக்கு விற்றது; இருப்பு 3 லட்சம்; விகிதம் 4. பூச்சிமருந்தும் நுண்ணூட்டமும் சேர்ந்து 12 லட்சத்துக்கு விற்றன. இருப்பு 9 லட்சம். விகிதம் 1.33 மட்டுமே, அதாவது 274 நாள் இருப்பு.

கடையின் சரக்கில் போட்ட பணத்தில் பாதி மருந்து அலமாரியில் இருக்கிறது. அது தருவதோ மொத்த விற்பனையில் ஆறில் ஒரு பங்கு. இந்த 9 லட்சம் 10 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் என்றால், ஆண்டுக்கு 90,000 ரூபாய் வட்டி மட்டும் போகிறது.

இப்படி விகிதம் விழுவதற்குப் பெரும்பாலும் பூச்சித் தாக்குதல் குறைந்தது காரணமாக இருக்காது. மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி என்று கம்பெனி சொன்னதை நம்பி, பருவத் தொடக்கத்தில் தேவைக்கு மேல் இறக்கியிருப்பார்கள். மருந்துக்குக் காலாவதி தேதி உண்டு. அந்தத் தேதி கடந்தால் விற்கக் கூடாது. அதைத் தனியே பிரித்து, விற்பனைக்கு அல்ல என்று எழுதி வைக்க வேண்டும். அதன் மதிப்பு அன்றோடு பூஜ்யம். ஆனால் இருப்புப் பட்டியலில் அதை அடக்க விலையிலேயே காட்டினால், நிறுவனத்தின் லாபம் இல்லாத அளவுக்குப் பெரிதாகத் தெரியும்.

விதையில் இந்தத் தேக்கம் இன்னும் வேகமாகத் தாக்கும். சி.ஆர்.1009 சப்-1 போன்ற 150 நாளுக்கு மேற்பட்ட நீண்ட கால ரகத்தை ஆகஸ்டு மாதத்தில் விதைக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் 100 மூட்டை மீதமிருந்தால், அந்த ஆண்டு அதை வாங்க ஆள் இருக்காது. சான்று விதையின் செல்லுபடிக் காலம் ஒன்பது மாதம். மறுபடி முளைப்புத் திறன் பார்த்துத் தேறினால்தான் நீட்டிப்பு கிடைக்கும். எனவே விதைக்கு ஆண்டு விகிதத்தைவிட, விதைப்புப் பருவம் முடியும் நாளில் என்ன மீதி என்பதே முக்கியம்.

குறைந்த விகிதம் எல்லா நேரமும் கோளாறு அல்ல. ஆகஸ்டில் டிஏபி குவிந்து கிடந்தால் அது முன்யோசனை. அதே குவியல் ஜனவரியிலும் கிடந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

விகிதம் மிக உயர்ந்தால்

விகிதம் உயர உயர நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. சரக்கு இல்லாத கடையிலும் விகிதம் உயரும். 50 மூட்டை வந்து ஒரே நாளில் தீர்ந்து, பதினைந்து நாள் அலமாரி காலியாக இருந்தால், சராசரி இருப்பு சிறிதாகி விகிதம் எகிறும். 'இல்லை' என்று திருப்பி அனுப்பிய உறுப்பினர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவர்கள் தனியார் கடையில் கடனுக்கு வாங்கி, நெல்லை அங்கேயே போட வேண்டிய நிலைக்குப் போயிருக்கலாம்.

டிஏபி-யை மட்டும் எடுத்துப் பார்ப்போம். ஆண்டுக்கு 1,200 மூட்டை விற்கும் கடையில் செப்டம்பர் 15 அன்று 300 மூட்டை இருக்கிறது. ஆண்டுச் சராசரிப்படி நாளுக்கு 3.3 மூட்டை, அப்படியானால் 91 நாள் வரும் என்று கணக்குப் பிள்ளை சொல்வார். ஆனால் போன ஆண்டு இதே செப்டம்பர் 15 முதல் 40 நாளில் 600 மூட்டை விற்றிருக்கிறது. நாளுக்கு 15 மூட்டை. இந்த வேகத்தில் 300 மூட்டை 20 நாளில் தீரும். ஆர்டர் போட்டு, பணம் கட்டி, ரேக் வந்து, லாரியில் லோடு இறங்க 25 நாள் ஆகும் என்றால், கடைசி ஐந்து நாள் கடையில் டிஏபி இருக்காது. அதற்கான ஆர்டர் ஐந்து நாள் முன்பே போயிருக்க வேண்டும்.

இதில் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பதே முறை: இருப்பு எத்தனை நாளுக்கு வரும், புதுச் சரக்கு வர எத்தனை நாளாகும். முதல் எண் இரண்டாவதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக என்பது வரத்தின் நம்பகத்தைப் பொறுத்தது. இந்தியா டிஏபி-யில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. சீனா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினால் இங்கே வரத்து சுருங்கும். அப்படிப்பட்ட ஆண்டில் 25 நாள் என்பது 40 நாளாகலாம்.

கொள்முதல் நிலையத்திலும் இதே கணக்கு

நாள் கணக்கு கடைக்கு மட்டும் உரியதல்ல. 2025 அக்டோபரில், குறுவை அறுவடையின்போது டெல்டா மாவட்டங்களின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டைகள் தேங்கின. விவசாயிகள் நெல்லைக் குவித்து வைத்துக் காத்திருந்தார்கள். மழையில் நனைந்த நெல் முளைவிட்டது.

ஒரு நிலையத்தில் 6,000 மூட்டை அடுக்கியிருந்து, நாளுக்கு 300 மூட்டை மட்டும் லாரியில் கிடங்குக்குப் போனால், அது 20 நாள் இருப்பு. தினமும் 800 மூட்டை எடை போட்டால், மறுநாள் காலை 6,500 மூட்டையாகி, நாள் கணக்கு 21-ஐத் தாண்டும். இப்படி எண் நாளுக்கு நாள் ஏறினால், அடுக்க இடமும் சாக்கும் தீர்ந்து எடை போடுவது நிற்கப் போகிறது என்பதற்கு அதுவே அறிகுறி. அறுவடை இயந்திரத்துக்குச் சொல்வதற்கு முன், நிலையத்தில் எத்தனை மூட்டை அடுக்கியிருக்கிறது, நேற்று எத்தனை மூட்டை வெளியே போனது என்ற இரண்டையும் கேட்டுக்கொள்வது நல்லது.

பங்குதாரர் கேட்க வேண்டியவை

கேள்வி கேட்ட பங்குதாரருக்கு உரிய பதில் இதுதான்: 9 என்ற எண்ணில் கூட்டல் பிழை இல்லாமல் இருக்கலாம், ஆனால் அதை வைத்துக் கடை நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்ல முடியாது. பொதுக்குழுவில் மாதக் கடைசி இருப்பை உரம், விதை, மருந்து என்று தனித்தனியே கேளுங்கள். உரத்தின் பிஓஎஸ் இயந்திரக் கணக்கும் கிடங்கில் உள்ள மூட்டையும் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். தப்பான இருப்பை வைத்துப் போடும் விகிதமும் தப்பாகத்தான் இருக்கும். அடுத்த ஆறு மாதத்தில் காலாவதியாகும் மருந்தின் பட்டியலைத் தனியே வாங்குங்கள்.

கடையில் ஒரு நோட்டு போட்டு, யார் என்ன கேட்டு, இல்லை என்று திரும்பினார்கள் என்பதைத் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். ஆண்டறிக்கையில் வராத டிஏபி தட்டுப்பாடு அந்த நோட்டில் தெரியும். அடுத்த தாளடிக்கு எத்தனை மூட்டை வேண்டும் என்ற கணக்குக்குப் போன ஆண்டு விற்பனையோடு அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.