சில்லில் ஒரு சுருக்குப் பை

காட்டாங்குளத்தூரில் எங்கள் மாடி வீட்டில் தங்கிப் படிக்கும் மாணவி, போன வாரம் பயண அட்டையை நீட்டிக் கேட்டாள். "அங்கிள், ராத்திரி போன்ல 200 ரூபாய் போட்டேன். காலையில பஸ்ல தட்டினா 8 ரூபாய்தான் இருக்குங்குது. பணம் எங்க போச்சு?"

பணம் எங்கேயும் போகவில்லை. இன்னும் அட்டைக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் செல்லும் சிங்காரச் சென்னை அட்டை, நாடு முழுவதற்கும் பொதுவான என்சிஎம்சி வகையைச் சேர்ந்தது. அதன் சில்லுக்குள்ளேயே ஒரு சுருக்குப் பை உண்டு. அதில் அதிகபட்சம் 2,000 ரூபாய் இருக்கலாம். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை போவதாக வைத்துக்கொள்வோம். ஏறும் இடத்தில் தட்டியதும், எந்த நிலையம், எத்தனை மணி என்று வாசல் சில்லில் குறித்துவிடும். இறங்கித் தட்டும்போது அந்தக் குறிப்பைப் படித்து, 50 ரூபாய்க் கட்டணத்தில் 20 சதவீதச் சலுகை போக 40 ரூபாயைக் கழித்து, மீதியைச் சில்லிலேயே எழுதும். அந்த நேரத்தில் வங்கியிடம் எதுவும் கேட்பதில்லை. பேருந்தில் நடத்துநர் இறங்குமிடத்தைக் கருவியில் போட்டுவிடுவதால், ஒரே தட்டலில் கணக்கு முடிகிறது. சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை நடப்பது இதனால்தான்.

போனில் போட்ட பணமோ வங்கியின் கணினியில் காத்திருக்கும். வங்கியோடு இணைப்பில் உள்ள ஒரு கருவியில் அட்டையை வைத்து இருப்பைப் புதுப்பித்தால்தான் அது சில்லுக்குள் இறங்கும். மெட்ரோ நிலையக் கவுன்ட்டரில் இதைச் செய்து தருவார்கள்.

சாதாரண வங்கி அட்டையில் இந்தப் பை இல்லை. லண்டனில் 2012 முதல் பேருந்திலும், 2014 முதல் சுரங்க ரயிலிலும் வங்கி அட்டையையே தட்டிப் போகிறார்கள். அங்கே வாசல் பார்ப்பது இரண்டைத்தான்: அட்டை உண்மையானதா, தடைப்பட்டியலில் இருக்கிறதா. கட்டணத்தை அது கணக்கிடுவதில்லை. அன்றைய தட்டல்களையெல்லாம் சேர்த்து மையக் கணினி கணக்கிட்டு, வங்கியிடம் மொத்தமாக வாங்கிக்கொள்ளும். கணக்கில் பணம் இல்லையென்றால் அந்த அட்டை தடைப்பட்டியலில் ஏறும். அதாவது, அங்கே முதல் பயணம் கடன். இங்கே நாம் முன்பணம் கட்டியவர்கள்.

அதனால் தொலைப்பதிலும் வித்தியாசம் உண்டு. வங்கி அட்டை தொலைந்தால், முடக்கச் சொன்னதும் கணக்கிலுள்ள பணம் தப்பிவிடும். பயண அட்டை தொலைந்தால் சில்லில் இருந்த தொகை, கீழே விழுந்த ரூபாய் நோட்டு மாதிரிதான். எடுத்தவர் தட்டிப் பயணம் போகலாம். வாசல் ரகசிய எண் கேட்காது.

அந்தப் பெண்ணிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒரு வாரப் பயணத்துக்கு வேண்டியதை மட்டும் போடு. போனில் போட்டால், கையில் நேரம் இருக்கும் நாளிலேயே நிலையத்தில் புதுப்பித்துவிடு. காலை பஸ் நெரிசலில் அதற்கு வழியில்லை.

மறுநாள் மாலை திரும்பி வந்தவள், படியேறும்போதே சொன்னாள்: "அங்கிள், 208 காட்டுது."