பட்டி பூசும் முன் நோட்டீஸ் போகட்டும்!

கருவடிக்குப்பம் அடுக்ககத் தோழர்களே,

பில்டரின் ஆட்கள் வாளியும் பட்டியும் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்களாம். இரண்டாம் மாடி ஹால் விரிசலைப் பூசி, மேலே ஒரு கோட்டு பெயின்ட் அடித்துவிட்டுப் போவதாகச் சேதி. தயவுசெய்து யாரும் கதவைத் திறந்து விடாதீர்கள். விரிசல் மூடினால் சாட்சியமும் மூடிவிடும். முதலில் நோட்டீஸ் போகட்டும், பட்டி பிறகு வரட்டும்.

2024 தை மாதம் சாவி வாங்கினோம். அந்த வருடம் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்குக் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் மேல்மாடி வீடுகளின் சீலிங்கில் திட்டுத்திட்டாக ஈரம். பில்டர் அதை இயற்கைச் சீற்றம் என்றார். சரி, புயல் ஒரு நாளோடு போய்விட்டது. ஆனால் அதன் பிறகு சாதாரணத் தூறலுக்கே மொட்டைமாடி ஓரத்தில் நீர் இறங்குகிறதே, அதற்கும் புயலா காரணம்? மழை பெய்தால் தாங்க வேண்டியதுதான் மாடியின் வேலை. மழை இல்லாத நாளிலும் ஈரம் காயவில்லை என்றால் அது குழாய்க் கசிவாகவோ பாத்ரூம் கசிவாகவோ இருக்கலாம். எந்த ஈரம் எந்த வகை என்று பிரித்து எழுதினால்தான் நோட்டீஸுக்கு வலு. மூன்றாம் மாடி பாத்ரூமில் வடிகாலைத் துணியால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். ஒரு நாள் விட்டு, கீழ் வீட்டு சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் சங்கன் ஸ்லாபில் வாட்டர்ப்ரூஃபிங் சரியில்லை என்று அர்த்தம். புயலை அங்கே இழுக்க முடியாது.

விரிசல்களும் எல்லாம் ஒன்றல்ல. பூச்சின் மேல் வலை போல ஓடும் மெல்லிய கோடுகள் சிமெண்ட் சீக்கிரம் காய்ந்ததால் வருபவை. அசிங்கம்தான், ஆபத்தில்லை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை நேராக ஓடுவது, இணைப்பில் கம்பி வலை வைக்காமல் பூசிய வேலையால் வந்திருக்கலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலுக்கு விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்தால் சுமார் 0.3 மி.மீ. அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி போடுங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் ஓடினால் கட்டிடம் இன்னும் அசைகிறது. ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. ஸ்டில்ட் பார்க்கிங்கில் பின்பக்கத் தூணில் கம்பி ஓடும் வாக்கிலேயே ஒரு விரிசல், அதன் ஓரம் துருவின் பழுப்புக் கறை. நம் தெருவிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? உப்புக்காற்றும் உப்புத் தண்ணீரும் கம்பியைத் தின்ன ஆரம்பித்தால் துரு உப்பும், உப்பிய துரு கான்கிரீட்டைப் பிளக்கும். அதன் மேல் பெயின்ட் அடிப்பது புண்ணுக்குப் பவுடர் போடுகிற கதை.

ஹரியானா குருகிராமில் சிண்டெல்ஸ் பாரடைசோ என்றொரு அடுக்ககம். 2022 பிப்ரவரி 10 அன்று அதன் டி டவரில் ஆறாம் மாடித் தளம் இடிந்து, அடுத்தடுத்த மாடிகளையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கியது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். டெல்லி ஐஐடி ஆய்வு செய்து சொன்ன காரணம், கான்கிரீட்டிலேயே கலந்திருந்த குளோரைடு கம்பியை அரித்துவிட்டது என்பதுதான். அந்த டவரைச் சரிசெய்து குடியேற முடியாது என்றும் சொன்னார்கள். நம் கட்டிடமும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பின்தூணை ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் தட்டிப் பார்த்து, குளோரைடு சோதனைக்குத் துகள் எடுக்கும் வரை அப்படியில்லை என்று பில்டர் சொல்லவும் முடியாது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். அக்ரிமென்டில் 'ஒரு வருட உத்தரவாதம்' என்று இருக்கிறது, அதைக் காட்டித்தான் நம்மை மிரட்டுகிறார்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவு, சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடம் என்கிறது. கட்டமைப்புக் குறையோ, வேலைத்தரக் குறையோ, அந்தக் காலத்துக்குள் பில்டர் கவனத்துக்குக் கொண்டுபோனால், காசு வாங்காமல் 30 நாளில் அவர் சரிசெய்ய வேண்டும். தவறினால் நமக்கு நஷ்டஈடு. பத்திரம் பதிவானதும் பொறுப்பு முடிந்தது என்பதும் பொய். கட்டமைப்புக் குறைக்கான பொறுப்பு பத்திரத்துக்குப் பிறகும் தொடரும் என்று 11வது பிரிவு தனியாகவே சொல்லியிருக்கிறது. எட்டு வீட்டுக்கு மேல் உள்ள திட்டம் என்பதால் நம்முடையதை ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை அக்ரிமென்டில் தேடுங்கள்.

வாட்ஸ்அப்பில் எத்தனையோ முறை படம் அனுப்பிவிட்டோமே என்று கேட்கிறீர்கள். கவனத்துக்குக் கொண்டுவந்தால் போதும் என்றுதான் சட்டமும் பேசுகிறது. ஆனால் எந்தக் குறை, எந்த நாள், யாரிடம் என்று நிரூபிக்க வேண்டியது நாம். நீல டிக்கை வைத்து மறுப்பவரை மடக்க முடியாது. ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு ஒரு கடிதம், அதே கடிதம் மின்னஞ்சலிலும். அது போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் ஓட ஆரம்பிக்கும்.

கடிதம் பில்டருக்கு மட்டும் போனால் போதாது. நம் கட்டிடம் கூட்டு ஒப்பந்தத்தில் கட்டப்பட்டது. நிலத்துக்காரர் தன் பங்கு வீடுகளை அவரே விற்றார். கட்டியவரும் விற்றவரும் வேறு வேறானால் இருவருமே புரமோட்டர், இருவரும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது அதே சட்டம். ஆகவே நிலத்துக்காரர் பேரும் முகவரியில் வரட்டும். மாடி, தூண், லிஃப்ட் பகுதிக்குச் சங்கம் எழுதும். வீட்டுக்குள் இருப்பதற்கு அந்தந்த வீட்டுக்காரரே கையெழுத்திட வேண்டும், ஏனென்றால் ஒவ்வொருவர் சாவித் தேதியும் வேறு. 'சுவரில் விரிசல்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த அறை, எந்தச் சுவர், எவ்வளவு நீளம், முதலில் எப்போது பார்த்தது, ஸ்கேல் வைத்து எடுத்த படம் எத்தனையாவது என்று எழுதுங்கள். சரிசெய்யும் முறையை எழுத்தில் தரும்படியும் கேளுங்கள், பட்டி என்று பதில் வந்தால் அதுவே நமக்கு ஆதாரம்.

ஒன்றைக் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன். பாத்ரூமை உடைத்து டைல் மாற்றியவர்களும், பால்கனியில் சுவரைத் துளைத்து கிரில் அடித்தவர்களும் அந்த இடத்துக் கசிவை நோட்டீஸில் சேர்க்க வேண்டாம். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் தள்ளுவார்கள். மெயின்டனன்ஸ் கட்டுவதையும் நிறுத்தாதீர்கள்.

30 நாள் தாண்டினால் புதுச்சேரி ரெராவில் புகார், நஷ்டஈட்டுக்குத் தீர்ப்பு அலுவலரிடம் மனு. நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது, ரெரா இருப்பதால் அது மூடாது என்று உச்ச நீதிமன்றமே 2020இல் சொல்லிவிட்டது. ஆனால் அங்கே கெடு 2 வருடம். கசிவு முதலில் தெரிந்த நாளிலிருந்து எண்ணினால் இந்த 2026 நவம்பரோடு முடிகிறது. ஐப்பசி மழையும் அதற்குள் வந்துவிடும்.

ஞாயிறு காலை பத்து மணி, மொட்டைமாடி. சாவி வாங்கியபோது கையெழுத்திட்ட தாளின் நகல், அக்ரிமென்ட், ஒரு ஸ்கேல், ஒரு பென்சில் எடுத்து வாருங்கள். 'எல்லாம் திருப்தி' என்று யாராவது ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எழுதியது என்று தெரிந்தால், அதற்குப் பிறகு வந்த குறைகளைத் தனியாகப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு வீடு வீடாக நான் போன் போடுகிறேன். கடிதம் திங்கள் மதியத்துக்குள் தபாலில் சேர வேண்டும்.