பெஞ்சில் இருப்பவரின் சம்பளத்தில் கைவைக்க யாருக்கு அதிகாரம்?

மகாராஷ்டிர மாநிலத் தொழிலாளர் ஆணையர் அவர்களுக்கு,
காம்கார் பவன், பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ், மும்பை.

மதிப்பிற்குரிய ஐயா,

செம்பூர் சேடா நகரிலிருந்து எழுதுகிறேன். டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், ஆட்குறைப்பு நோட்டீஸ் என்று காலம் போனது. அதனாலோ என்னவோ, எங்கள் வட்டாரத்து ஐடி பிள்ளைகள் கம்பெனியிலிருந்து வரும் மெயில்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அண்மைக் காலமாக அவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். ப்ராஜெக்ட் கொடுக்காமல் மாதக்கணக்கில் பெஞ்சில் வைத்துவிட்டுச் சம்பளத்தைக் குறைக்கலாமா? பெஞ்சில் இருப்பதைக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பலாமா?

இரண்டுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலை இந்தப் பிள்ளைகள் எச்.ஆர். வாயிலிருந்து மட்டும்தான் கேட்கிறார்கள். உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

பெஞ்சில் இருப்பவர் சும்மா இருப்பவர் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு பெண் செம்பூரில் ஹார்பர் ரயில் ஏறி, வாஷியில் மாறி, தாணே ரயிலில் ஐரோலிக்குப் போகிறாள். கார்டைத் தேய்த்து உள்ளே போய், ஆன்லைன் பயிற்சியை முடித்து, கம்பெனியின் உள் தளத்தில் எந்த ப்ராஜெக்டுக்கு ஆள் தேவை என்று தேடி விண்ணப்பிக்கிறாள். மேனேஜர் அழைத்துப் பத்து நிமிடம் பேசுகிறார். "நாங்கள் கேட்ட ஸ்கில் இல்லை" என்கிறார், அல்லது பதிலே வருவதில்லை. அவள் ஆறு வருடம் வேலை பார்த்த பழைய ப்ராஜெக்ட், வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காததால் நின்றுபோனது. வேலை செய்யத் தயாராக, சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் ஆள் இருக்கிறார். வேலையைக் கொடுக்கவேண்டிய தரப்பிடம்தான் வேலை இல்லை.

முன்பு இது கம்பெனியின் கவலையாக இருந்தது. இப்போது தனிமனிதரின் தவறாக மாற்றப்படுகிறது. உங்கள் நகரத்தையே தலைமையிடமாகக் கொண்ட டி.சி.எஸ். 2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கொள்கைப்படி, ஒவ்வொருவரும் வருடத்துக்கு 225 வேலைநாட்கள் வாடிக்கையாளருக்குப் பில் போடக்கூடிய வேலையில் இருக்கவேண்டும். பெஞ்சில் இருக்கும் நாட்கள் 35-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் சம்பளம், பதவி உயர்வு, வேலையில் தொடர்வது எல்லாமே பாதிக்கப்படலாம் என்றது கொள்கை. அடுத்த மாதமே, தன் ஆட்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. ஐடி ஊழியர் அமைப்பான நைட்ஸ் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. நான் ஒரு நிறுவனத்தின் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெரிய நிறுவனம் போட்ட வழியில் சின்ன நிறுவனங்கள் நடக்கும். சின்ன நிறுவனங்களில் 35 நாள்கூட இல்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலையில் கச்சாப் பொருள் வராமல் வேலை நின்றால் லே-ஆஃப் கொடுப்போம். தொழிலாளி கேட்டில் வந்து பதிவு செய்வார், வேலை இல்லையென்றால் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். இந்த ஏற்பாடு 1947 தொழில் தகராறு சட்டத்தில் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்கு மட்டும்தான் இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் லே-ஆஃப் இழப்பீட்டுப் பிரிவுகள் அதே மூன்றுக்குத்தான். மென்பொருள் நிறுவனம் அதற்குள் வராது.

இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகம் வாடிவிடுகிறது. பாதிச் சம்பளம்கூடச் சட்டத்தில் இல்லையா என்கிறார்கள். உண்மையில் நிலைமை நேர்மாறானது. அதைச் சொல்லும் தீர்ப்பு நம் பம்பாயில் தொடங்கிய ஒரு விவகாரத்திலிருந்து வந்தது.

ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனியின் பம்பாய்த் தொழிற்சாலையில் 1967-ல் வேலைநிறுத்தம் நடந்தது. டெல்லி விநியோக அலுவலகத்துக்கு டயர் வரத்துக் குறைந்தது. அங்கே இருந்த 30 பேரில் 17 பேரை 1968 பிப்ரவரியில் கம்பெனி லே-ஆஃப் செய்து, ஏப்ரலில் திரும்ப அழைத்தது. இடைப்பட்ட நாட்களுக்குச் சம்பளமும் இல்லை, இழப்பீடும் இல்லை. ஐம்பது பேருக்குக் குறைவான இடம், ஆகவே சட்டத்தின் இழப்பீட்டுப் பிரிவு எங்களைக் கட்டாது என்பது கம்பெனியின் வாதம். உச்ச நீதிமன்றம் 1976-ல் சொன்னது இதுதான்: அந்தப் பிரிவு இழப்பீட்டைத்தான் பேசுகிறது, லே-ஆஃப் செய்யும் அதிகாரத்தை முதலாளிக்குத் தரவில்லை. அந்த அதிகாரம் பணி ஒப்பந்தத்திலோ, நிலையாணைகளிலோ, வேறு சட்டத்திலோ இருக்கவேண்டும். எங்குமே இல்லையென்றால், வேலை கொடுக்காத நாட்களுக்கும் சம்பளப் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. தகராறாகத் தீர்ப்பாயத்துக்குப் போனால் சூழ்நிலை பார்த்துத் தொகை கூடலாம், குறையலாம். ஆனால் முதலாளி தன் இஷ்டத்துக்குக் கைவைக்க முடியாது.

இதை ஐரோலிக்குப் பொருத்திப் பாருங்கள். நியமனக் கடிதத்திலோ நிலையாணையிலோ பெஞ்ச் காலத்துக்குக் குறைந்த சம்பளம் என்று ஒரு வரி இல்லாதவரை, அந்தப் பெண்ணின் மாதச் சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறைக்க வழியில்லை. ஊதியச் சட்டத் தொகுப்பு அனுமதிக்கும் பிடித்தங்களில் வேலைக்கு வராத நாளுக்கான பிடித்தம் உண்டு. வந்தும் வேலை கொடுக்கப்படாத நாளுக்கு இல்லை. தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவரின் ஊதிய நிபந்தனையை மாற்றுவதென்றால் 21 நாள் முன்னறிவிப்பும் கட்டாயம். ஒன்றை மறைக்கக்கூடாது: கம்பெனிகள் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தைத் தொடுவதில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வேரியபிள் பேயைத்தான் பூஜ்யமாக்குகின்றன. அது நிறுவனத்தின் விருப்பம் என்று கடிதத்தில் எழுதியிருந்தால் வழக்கு பலவீனம்தான்.

இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது. வேலை இல்லையென்றால் ஆட்குறைப்பு செய்ய முதலாளிக்கு உரிமை உண்டு. முந்நூறு பேரோ அதற்கு மேலோ இருக்கும் தொழிற்சாலை அதற்கு அரசிடம் முன் அனுமதி வாங்கவேண்டும். லட்சக்கணக்கானோர் வேலை பார்க்கும் ஐடி நிறுவனத்துக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அரசுக்குத் தகவல் ஆகிய மூன்றும் வேண்டும். அதே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போகவேண்டும் என்பது பொதுவிதி. மாறினால் காரணத்தைப் பதிவு செய்யவேண்டும். பிறகு ஒரு வருடத்துக்குள் ஆள் எடுத்தால் வெளியே அனுப்பப்பட்டவருக்கு முன்னுரிமை. புதிய சட்டத்தில் மறுதிறன் நிதிக்காக இன்னொரு 15 நாள் சம்பளமும் உண்டு.

அந்தப் பெண்ணின் கணக்கைப் போட்டேன். சட்டப்படியான ஊதியம் மாதம் 50,000, சேவை ஆறு வருடம். இழப்பீடு 25,000 வீதம் ஆறு வருடத்துக்கு 1,50,000. மறுதிறன் நிதி 25,000. நோட்டீஸ் சம்பளம் தனி. கிராஜுவிட்டி தனி, ஆறு வருடம் ஆனதால் அது எப்படிப் போனாலும் கிடைக்கும். அவளே ராஜினாமா செய்தால் அந்த 1,75,000-மும் இல்லை, கடைசியாகச் சேர்ந்தவர் யார் என்ற கேள்வியும் இல்லை, முன்னுரிமையும் இல்லை, உங்கள் அலுவலகத்துக்குத் தகவலும் வராது.

அதனால்தான் ராஜினாமாவைக் கேட்கிறார்கள். வீடியோ காலில் எச்.ஆர். இரண்டு பேர் உட்கார்ந்து, மாலைக்குள் நீங்களே பேப்பர் போட்டால் நல்ல அனுபவச் சான்றிதழ், இல்லையென்றால் டெர்மினேஷன் என்று எழுதுவோம், அடுத்த கம்பெனி விசாரித்தால் அதைத்தான் சொல்வோம் என்கிறார்கள். வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை என்ன செய்யும்? கையெழுத்துப் போடுகிறது. இந்த ஒரு கையெழுத்தால் ஆட்குறைப்பு விருப்ப விலகலாக மாறிவிடுகிறது. கையெழுத்திடாமல் எதிர்த்தால் அடுத்த வாதம் தயாராக இருக்கும்: டீம் லீட், அனலிஸ்ட், மேனேஜர் என்று பதவி இருப்பதால் நீங்கள் தொழிலாளியே அல்ல.

சென்னையில் இந்த வாதம் தோற்றிருக்கிறது. 2015 ஜனவரியில் டி.சி.எஸ். வெளியேற்றிய கர்ப்பிணிப் பெண் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கினார், நிறுவனம் பணிநீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றது. அதே அலையில் வேலை இழந்த பொறியாளர் ஒருவர் தொழிலாளர் நீதிமன்றம் போனார். அவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் என்றது நிறுவனம். அவர் செய்த வேலை என்ன என்று பார்த்து, அவர் தொழிலாளிதான் என்று சொல்லி, மீண்டும் வேலையில் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2022 ஆகியிருந்தது. ஏழு வருடம். சேடா நகரில் வாடகை கொடுத்துக்கொண்டு யாரால் ஏழு வருடம் காத்திருக்க முடியும்? ஆகவே கேள்வி நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே உங்கள் மேசையில் தீரவேண்டும்.

ஐயா, நான் புதிய சட்டம் கேட்கவில்லை. இருக்கும் சட்டத்தை ஒரு சுற்றறிக்கையாக மராத்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுங்கள்: ஒப்பந்தத்திலோ நிலையாணையிலோ அதிகாரம் இல்லாமல் பெஞ்ச் நாட்களுக்குச் சம்பளம் குறைக்கக்கூடாது. பெஞ்ச் காலத்தில் வாங்கிய ராஜினாமாவைப் பற்றிப் புகார் வந்தால், ராஜினாமா கொடுத்துவிட்டாரே என்று உங்கள் அதிகாரிகள் கோப்பை மூடாமல், அழைப்பு நடந்த தேதி, பேசியவர் பெயர், கார்டும் லேப்டாப் அனுமதியும் எந்த நேரத்தில் நிறுத்தப்பட்டன என்ற பதிவு ஆகியவற்றை நிறுவனத்திடம் கேட்டு வாங்கட்டும். ராஜினாமா மெயில் போன நேரத்துக்கு முன்பே அனுமதி துண்டிக்கப்பட்டிருந்தால், யார் யாரை விலக்கினார்கள் என்பது அந்த ஒரு பதிவிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றை நீங்கள் மட்டுமே செய்ய முடியும். 300 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்களின் நிலையாணைகள் சான்றுக்காக உங்கள் துறைக்கு வரும். ஃபயர்ஸ்டோன் தீர்ப்பு திறந்து வைத்திருக்கும் வாசல் அதுதான். வாடிக்கையாளர் ஒப்பந்தம் முடிந்தால் ஊதியம் நிறுத்திவைக்கப்படலாம் என்று எங்காவது ஒரு துணைப்பிரிவில் எழுதி, அது சான்று பெற்றுவிட்டால், இன்று இல்லாத அதிகாரம் நாளை சட்டப்படி வந்துவிடும். அந்த வரைவுகளை ஊழியர்கள் ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுத்துப் பொதுவில் வையுங்கள். பெஞ்சைப் பற்றிய பிரிவு இருந்தால், எத்தனை நாள், எவ்வளவு சம்பளம், யார் முதலில் என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன் சான்றில் கையெழுத்திட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணியாளர் துறை அலுவலர்,
சேடா நகர், செம்பூர்