படத்தில் பார்த்த இறாலும் பெட்டியில் வந்த இறாலும்



மளிகையும் கருவாடும் மொத்த வியாபாரம் செய்து வந்த நான், சில ஆண்டுகளாக ஓட்டல்களுக்கும் கல்யாண சமையல்காரர்களுக்கும் ஐஸ் இறாலும் வரவழைத்துக் கொடுக்கிறேன். எங்கள் ஊர் கடலுக்குத் தொலைவு. முன்பெல்லாம் விடியற்காலை லாரியில் போய்க் கூடையைக் கிளறிப் பார்த்துத்தான் விலை பேசுவோம். இப்போது தரகர் செல்போனில் ஒரு படம் அனுப்புகிறார், நாம் "சரி" என்று பதில் போடுகிறோம், பணமும் போய்விடுகிறது. இந்தப் பழக்கத்தால் எனக்கு நேர்ந்த ஒரு நஷ்டத்தையும், அதிலிருந்து தெரிந்துகொண்டதையும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு விருந்துக்கு 20 கிலோ புலி இறால் வேண்டும் என்று ஆர்டர். கடற்கரை ஊர் தரகர் ஒருவர் ஐந்து தட்டுகள் வரிசையாக இருக்கும் படம் அனுப்பினார். நடுத்தட்டில் கரும்பச்சை நிறத்தில் பருத்த இறால். "இதுதான்" என்றார், நானும் சம்மதித்தேன். மறுநாள் பெட்டியைத் திறந்ததும் சமையல்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது கடல் சரக்கே இல்லை, ஆற்று இறால்" என்றார். நான் நம்பவில்லை. தலை நீக்கி எடை போட்டோம். நல்ல புலி இறால் என்றால் கிலோவுக்கு 600 கிராமாவது நிற்க வேண்டும். இதில் நின்றது 480 கிராம்தான். 20 கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் 2 கிலோ 400 கிராம் குறைவு. அதை என் கைப்பணத்தில் ஈடு செய்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், தரகர் என்னை ஏமாற்றியது பாதி, நானே ஏமாந்தது பாதி என்று புரிந்தது. அடையாளம் படத்திலேயே இருந்தது. நான் நிறத்தையும் பருமனையும் மட்டும் பார்த்திருக்கிறேன். நிறம் விளக்கு வெளிச்சத்துக்கு மாறும், ஐஸில் கிடந்தால் மங்கும், வெந்நீரில் போட்டால் எல்லா இறாலும் ஒரே சிவப்பு. பருமனோ, பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இல்லாவிட்டால் படத்தில் தெரியவே தெரியாது. பார்க்க வேண்டியவை மூன்று: கொடுக்கு, ரம்பம் போன்ற மூக்கு, உடம்பின் வளையங்கள். இந்த மூன்றில் வளையத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் கொடுக்கு உதிரும், உதிர்க்கவும் படும். மூக்கு பெட்டியில் நசுங்கி ஒடியும். ஓடு உரிக்காத வரையில் வளையம் அப்படியே இருக்கும்.

அந்த ஐந்து தட்டுகளையே எடுத்துக்கொள்வோம்.

இடது ஓரத் தட்டில் சாம்பல் நிறத்தில் தட்டையான சரக்கு. இறால் என்றே யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் வளையங்களை எண்ணிப் பாருங்கள். இறாலுக்கும் சிங்கி இறாலுக்கும் தலையும் மார்பும் ஒரே ஓட்டுக்குள் மூடியிருக்கும். அதன் பின்னால் ஆறு வளையம், பிறகு வால் விசிறி. இந்தத் தட்டில் உள்ளதற்கோ தலை ஓடு குட்டையானது. அது மார்பை முழுவதும் மூடாததால் மார்பு வளையங்களும் வெளியே தெரிகின்றன. எண்ணினால் ஆறைத் தாண்டி ஒன்பது, பத்து என்று போகும். ரம்ப மூக்கு கிடையாது. வால் நடுவே முள் வைத்த அகன்ற பலகை போல ஒரு தகடு. முன்னால் கும்பிடுபூச்சியின் கை போல மடக்கிய இரண்டு கைகள், விரலில் சீப்புப் பல் போல வரிசையாக முள். மேலிருந்து எடுத்த படத்தில் இந்தக் கைகள் உடம்புக்கு அடியில் மறைந்துவிடும். ஆகவே கொடுக்கைத் தேடினால் ஏமாறுவோம், வளையத்தை எண்ணினால் ஏமாற மாட்டோம்.

ஆங்கிலத்தில் மான்டிஸ் ஷ்ரிம்ப் என்று சொல்லப்படும் இது உண்மையில் இறால் கூட்டத்தைச் சேர்ந்ததே அல்ல. நம் பக்கத்து இழுவை வலைகளில் வேண்டாமலே நிறைய விழுந்து, பெரும்பாலும் தீவனத்துக்குப் போகிறது. கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன். ஜப்பானிலும் இத்தாலியிலும் விரும்பி உண்கிறார்கள், ஹாங்காங்கில் உயிரோடு விற்கிறார்கள். செத்த பிறகு சதை சீக்கிரம் கரைந்து சுருங்கிவிடும் என்பதால்தான் உயிரோடு விற்பது. ஐஸில் நாள் கணக்காகக் கிடந்து நம் ஊர் வந்து சேர்ந்தால் ஓடுதான் மிஞ்சும். கருவாட்டு இறால் மூட்டையில் இது கலந்து வந்தாலும் இதே வளையக் கணக்கில் பிடித்துவிடலாம்.

வலது ஓரத் தட்டில் இருந்தது சிங்கி இறால். வளையம் ஆறுதான். ஆனால் ரம்ப மூக்கு இல்லை. அதற்குப் பதிலாகக் கண்களுக்கு மேல் இரண்டு கொம்பு, அதன் முன்னால் சாட்டை போலத் தடித்து நீண்ட முள் நிறைந்த மீசை. கொடுக்கு கிடையாது. ஒரு ஓட்டல் முதலாளி, "கொடுக்கை ஒடித்து எடுத்துக்கொண்டு எனக்கு அனுப்புகிறீர்களா?" என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் படங்களில் பார்த்திருந்தது அமெரிக்க, ஐரோப்பியக் கடலில் கிடைக்கும் லாப்ஸ்டர். அதற்குத்தான் முன்கால் இரண்டும் பெருத்த கொடுக்காக இருக்கும். நம் கடல் சிங்கிக்குப் பெருங்கொடுக்கு பிறவியிலேயே இல்லை. மீசை இருக்க வேண்டிய இடத்தில் அகன்ற தகடுகள் இருந்தால் அது தட்டையான சிங்கி வகை. அதையும் சிங்கி என்றே பில் போடுவார்கள் என்பதால், மீசையா தகடா என்று பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

மீதி மூன்று தட்டுகளிலும் ரம்ப மூக்கு உள்ளவை, அதாவது நாம் இறால் என்று சொல்பவை. இங்கேதான் நான் வழுக்கினேன். பிரான், ஷ்ரிம்ப் என்ற ஆங்கிலப் பெயர்கள் இதில் உதவாது. ஏற்றுமதிக்காரர்கள் எல்லாவற்றையுமே ஷ்ரிம்ப் என்று எழுதுகிறார்கள். பக்கவாட்டில் இரண்டாவது வளையத்தைப் பார்ப்பதே வழி.

கடல் இறாலில் வளையங்களின் பக்கத் தகடுகள் ஓட்டு வீட்டுக் கூரை போல அடுக்கியிருக்கும். முதல் தகடு இரண்டாவதன் மேல், இரண்டாவது மூன்றாவதன் மேல் என்று ஒரே திசையில் போகும். ஆற்று இறாலில் இரண்டாவது தகடு அகன்று வட்டமாக இருக்கும். அது முன்னால் உள்ள முதல் தகட்டையும் பின்னால் உள்ள மூன்றாவது தகட்டையும் சேர்த்து மூடிக்கொண்டிருக்கும். தலை நீக்கிய சரக்கிலும் இதைக் காணலாம். எனக்கு வந்த படத்தின் நடுத்தட்டில் ஓரமாக ஒரே ஒரு இறால் பக்கவாட்டில் புரண்டு கிடந்தது. அதில் இந்த அகன்ற தகடு தெளிவாகத் தெரிந்தது. நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் மற்ற இரண்டு அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். கடல் இறாலுக்கு முன்னங்கால்களில் மூன்று ஜோடிக்குச் சிறு கொடுக்கு உண்டு, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. பெரிய ஆற்று இறாலுக்கு இரண்டு ஜோடிக்கு மட்டுமே கொடுக்கு. அதில் இரண்டாவது ஜோடி நீண்டு, ஆணில் நீல நிறத்தில் தடித்திருக்கும். எனக்கு வந்த சரக்கில் அந்த நீலக்கால்களை முன்பே ஒடித்திருந்தார்கள். மூக்கோ புலி இறாலுக்கு மேலே ஏழெட்டுப் பல், கீழே மூன்று பல் அளவில் இருக்கும். ஆற்று இறாலுக்கு மூக்கு நீண்டு நுனி மேல்நோக்கி வளைந்து, மேலே பத்துக்கு மேல் பல்லும் கீழே ஏறக்குறைய அதே அளவும் இருக்கும். எடை குறைந்த காரணமும் இதிலேயே விளங்கும். ஆற்று இறாலுக்குத் தலை பெரிது. பெரிய ஆணில் ஏறக்குறைய பாதி எடை தலைக்கே போகும். மேலும் அதைத் தலையோடு ஐஸில் சில நாள் வைத்தால் சதை குழைந்துவிடும். ஆற்று இறால் என்றே சொல்லி விற்றிருந்தால் அதற்கேற்ற விலை கேட்டிருப்பேன், தலையை உடனே நீக்கியும் வைத்திருப்பேன். பெயரை மாற்றியதில்தான் குற்றம்.

படத்தால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது, நான்காவது தட்டுகளில் இருந்தவை வெளிர் இறால். ஒன்று கடலில் பிடித்த வெள்ளை இறால் என்றும், மற்றது பண்ணை வனாமி என்றும் தரகர் சொன்னார். நம் நாட்டில் 2009 முதல் வளர்க்கப்படும் இந்த வனாமிக்கும் தகடு அடுக்கு ஒன்றுதான், கொடுக்கு ஒன்றுதான், மூக்கில் மேலும் கீழும் பல் இரண்டுக்கும் உண்டு. செல்போன் படத்தை வைத்து இவற்றைப் பிரித்துச் சத்தியம் செய்ய முடியாது. சரக்கைக் கையில் எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஓடு உரித்த இறாலிலோ மூன்று அடையாளமும் போய்விடும். உரித்த சரக்கைப் படம் பார்த்து வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதற்குச் சமம்.

ஆகவே நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. மேலிருந்து எடுத்த கூடைப் படத்துக்கு யாரும் சம்மதம் சொல்லக் கூடாது. ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்துத் தலையோடு பக்கவாட்டில் படுக்க வைத்து, கால்களை விரித்து, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துத் தனிப்படம் அனுப்பச் சொல்ல வேண்டும். பில்லில் கடல் இறாலா, ஆற்று இறாலா, வனாமியா என்று எழுதி வாங்க வேண்டும். இரண்டு நிமிட வேலைதான் இது. நேர்மையான தரகர் மறுக்க மாட்டார். என்னிடம் மறுத்த ஒருவரோடு நான் வியாபாரத்தை நிறுத்திக்கொண்டேன். அன்று முதல் என் பெட்டியைச் சமையல்காரர் பிரித்துப் பார்க்கும்போது எனக்குப் பயம் இல்லை.